சாம்பல் அட்டையும் வாவியின் ஒளியும்: ஒரே காட்சிக்குள் ஷொட்டுகளை ஒத்திசைத்தல்

பார்வையாளர் ஒரு காட்சியை இடையறாத ஒரே நிகழ்வாகவே காண்கிறார். ஆனால் படப்பிடிப்பில் அக்காட்சி பல ஷொட்டுகளாக, வெவ்வேறு கமரா இடங்களிலிருந்து, சில வேளைகளில் இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில் எடுக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் சூரியன் ஏறிவிடும், மேகம் வந்துபோகும், கமரா திரும்பிய திசைக்கேற்ப முகத்தில் விழும் ஒளியும் மாறும். படத்தொகுப்பில் இந்த ஷொட்டுகளை அடுத்தடுத்து வைக்கும்போது ஒன்றில் மீனவரின் முகம் பொன்னிறமாகவும் அடுத்ததில் நீலம் பாய்ந்தும், ஒன்றில் பளிச்சென்றும் அடுத்ததில் மங்கியும் தெரியுமானால், ஒரே காலைப்பொழுது என்று சொல்லப்படும் நேரம் பல துண்டுகளாக உடைந்துபோகிறது. இந்த உடைவைத் தவிர்ப்பதற்குப் படப்பிடிப்பின்போதே பதிவுசெய்து வைக்கவேண்டிய சான்றைத் தருவது சாம்பல் அட்டையாகும். அதனை மட்டக்களப்பு வாவியில் எடுக்கப்படும் ஒரு காலைக் காட்சியின் வழியாக இந்த அத்தியாயம் விளக்குகிறது.

வாவியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்தில், கடற்கரைக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காகக் கிடக்கும் இந்நீர்ப்பரப்புக்குக் கிழக்கே கடலோர நிலத்துண்டாகிய எழுவான்கரையும் மேற்கே வயல்களும் குளங்களும் நிறைந்த படுவான்கரையும் அமைந்திருக்கின்றன. ஆகையால் காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கு நோக்கும் கமராவுக்குச் சூரியன் முதுகுப்புறத்தில் இருக்கும். தோணியில் ஏறி அதே ஆளைக் கிழக்கு நோக்கி எடுக்கும் கமராவுக்குச் சூரியனும் அதனால் மின்னும் நீரும் நேர் எதிரில் இருக்கும். ஒரே உரையாடலின் இரண்டு பக்கங்களும் இவ்வாறு முற்றிலும் வேறான இரண்டு ஒளிகளில் அமைவதை இங்கு எவராலும் தவிர்க்க முடியாது. பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஏழே முக்கால் பாகை வடக்கே இருக்கும் இப்பகுதியில் சூரியன் ஏறக்குறைய நிமிர்ந்த பாதையில், மணிக்குச் சுமார் 15 பாகை வீதம் மேலேறுவதால், குளிர்நாட்டு நூல்கள் வருணிக்கும் நீண்ட பொன்னொளி நேரமும் இங்கு கிடைப்பதில்லை.

தானியங்கி ஏன் உதவாது

எக்ஸ்போஷர் என்பது பதிவாகும் ஒளியின் அளவு. வைட் பேலன்ஸ் என்பது ஒளியின் நிறச்சாய்வை ஈடுசெய்து, நிறமற்ற பொருள் நிறமற்றதாகவே தெரியும்படி கமராவைச் சரிசெய்தல். இரண்டையும் கமராவே தீர்மானிக்கும்படி விட்டால், அது சட்டகத்துக்குள் எது இருக்கிறதோ அதைப் பார்த்துத் தீர்மானிக்கும். சட்டகத்தின் பெரும்பகுதி மின்னும் நீராக இருந்தால் முகம் இருண்டுபோகும். அதே முகத்தை நெருக்கமாக எடுத்தவுடன் அது வெளுத்துவிடும். பின்னணியில் கண்டல் மரங்களின் பச்சை நிறைந்திருந்தால், கமரா அப்பச்சையை ஒளியின் குறையாக எண்ணிக் கருஞ்சிவப்புச் சாயலைக் கூட்டி முகத்தைக் கெடுத்துவிடும். இங்கு ஒளி மாறவில்லை, சட்டகம் மட்டுமே மாறியிருக்கிறது. ஆனால் பதிவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், எவ்வளவு திருத்தினால் முந்தைய நிலை வரும் என்பதைத் தொகுப்பாளரால் கண்டறிய முடியாது. எனவே ஒரு காட்சி தொடங்கியதும் ஐ.எஸ்.ஓ., ஷட்டர், அப்பச்சர், கெல்வின் எண் ஆகிய நான்கையும் கையால் அமைத்துப் பூட்டிவிடுவதே முதற்படியாகும். அட்டை இந்தப் பூட்டுக்குப் பின்னரே பொருள் பெறுகிறது.

அட்டை என்பது என்ன

தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும், எந்த நிறத்தின் பக்கமும் சாயாத, பளபளப்பற்ற பரப்பே சாம்பல் அட்டை. மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஆகையால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும் சாம்பல், அளவையில் 50 சதவீதமாக இல்லாமல் 18 சதவீதத்தை ஒட்டி அமைகிறது. அன்செல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த ஒளிமண்டல முறையில் ஐந்தாம் மண்டலம் எனப்படுவதும் இதுவே. ஒளிமானிகள் உண்மையில் 18 சதவீதத்துக்குத்தான் அளவுதிருத்தப்படுகின்றனவா, அதைவிடச் சற்றுக் குறைந்த அளவுக்கா என்ற பழைய வாதம் ஒன்று உண்டு. ஷொட்டுகளை ஒன்றோடொன்று ஒத்திசைக்கும் வேலைக்கு அந்த வாதத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. எல்லா ஷொட்டுகளிலும் ஒரே அட்டை இருக்கவேண்டும் என்பதே இங்குள்ள ஒரே நிபந்தனை.

வெள்ளைத் தாளை இதற்குப் பதிலாகப் பிடிக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. அது கைவிடப்பட வேண்டிய பழக்கம். அச்சுத் தாள்களில் வெண்மையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் ஒளிர்பொருள் சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிரை ஏற்று நீலமாக ஒளிர்வதால், அதை வெள்ளையென்று கமராவுக்குக் காட்டினால் கமரா அந்த நீலத்தை நீக்க முயன்று படத்தை மஞ்சளாக்கிவிடும். அதோடு, பிரகாசமான வெயிலில் வெள்ளைத் தாள் மூன்று வர்ண அலைவரிசைகளில் ஒன்றையேனும் உச்சத்தில் முட்டச்செய்துவிட்டால், அந்த அளவீடு பயனற்றதாகிவிடும். வீட்டு அச்சுப்பொறியில் அச்சிட்ட சாம்பலும் நம்பத்தக்கதன்று. அது பல வர்ண மைகளின் கலவை என்பதால் வெயிலில் ஒருவிதமாகவும் எல்.இ.டி. விளக்கில் வேறுவிதமாகவும் தெரியும். வாவியோரத்தில் பணிபுரிவோர் மெல்லிய காகித அட்டையைவிட, ஈரத் துணியால் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் அட்டையைத் தெரிவுசெய்வது நல்லது. உவர்நீர் தெறித்துக் காய்ந்த வெண்படலமும் விரல்களின் எண்ணெய்க் கறையும் அட்டையின் அளவையே மாற்றிவிடுகின்றன. பாதுகாப்பு என்று கருதி அட்டையைப் பளபளப்பான உறைக்குள் வைத்தே பிடிப்பது இவை எல்லாவற்றையும்விடக் கெட்டது. அப்போது கமரா அளப்பது உறையில் தெறிக்கும் வானத்தையே.

எங்கே, எந்தக் கோணத்தில் பிடிப்பது

அட்டை கமராவுக்கு அருகில் இருக்கக்கூடாது. காட்சியில் முக்கியமான முகம் எங்கே இருக்கிறதோ அங்கே, அந்த முகத்தின்மேல் விழும் அதே ஒளியில் இருக்கவேண்டும். கரையில் நிற்கும் உதவியாளர் தன் கையில் அட்டையைப் பிடித்து, கமராவோ 30 மீற்றர் தொலைவில் தோணியில் இருக்கும் மீனவரை எடுக்குமானால், அந்த அட்டை கரையின் ஒளியைப் பற்றிய சான்றே தவிரத் தோணியின் ஒளியைப் பற்றியதன்று. மீனவரிடமே அட்டையைக் கொடுத்து, நாடிக்குக் கீழே, முகம் நோக்கும் திசையிலேயே பிடிக்கச்செய்து, மூன்று முதல் ஐந்து வினாடி வரை பதிவுசெய்தால் போதுமானது. அவர் அணிந்திருக்கும் சட்டை சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த நிறம் அட்டையில் படியாதவாறு, உடலிலிருந்து ஒரு சாண் முன்னே நீட்டிப் பிடிக்கச் சொல்லவேண்டும்.

கோணம் பலரும் கவனியாமல் விடும் விடயம். அட்டையை நேரே சூரியனை நோக்கித் திருப்பினால் அது முகத்தைவிட அதிக ஒளியை வாங்கும். கமராவை நோக்கி முழுவதுமாகத் திருப்பினால் பக்கவாட்டு ஒளியில் மிகக் குறைவாக வாங்கும். கமராவின் திசைக்கும் முதன்மை ஒளியின் திசைக்கும் ஏறத்தாழ நடுவில் அட்டையின் முகம் அமையவேண்டும் என்பது பொதுவிதி. வாவியில் இதோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அட்டையை மேற்புறம் வெளியே சாயும்படி குனித்துப் பிடித்தால் அது நீரிலிருந்து எழும் ஒளியையும், பின்னே சரித்துப் பிடித்தால் வானத்தின் நீல ஒளியையும் அளவுக்கு மீறி ஏற்கும். மழைக்குப் பின் கலங்கிய நீர் அனுப்பும் ஒளி பழுப்புப் பச்சையாக இருப்பதால், சில பாகைச் சாய்வுகூட நிற அளவீட்டை நகர்த்திவிடும். எனவே ஒவ்வொரு முறையும் அட்டையை நிமிர்த்தி ஒரே விதமாகப் பிடிக்கும் ஒழுக்கத்தை, பிடிப்பவருக்குத் தொடக்கத்திலேயே ஒருமுறை செய்துகாட்டிப் பழக்கிவிடுவது பின்னாளில் மிகுந்த வேலையை மிச்சப்படுத்தும்.

எக்ஸ்போஷர்: அட்டை எந்த மட்டத்தில் நிற்கவேண்டும்

வெயிலில் கமராத் திரையைப் பார்த்து ஒளியளவை முடிவுசெய்ய முடியாது. கண் சுற்றுப்புறத்தின் வெளிச்சத்துக்குப் பழகிவிட்டபடியால் சரியான படமும் இருண்டதாகவே தோன்றும். ஆதலால் திரையில் வேவ்ஃபோர்ம் எனப்படும் அலைவரைபை இயக்கி, அதில் அட்டை உருவாக்கும் தட்டையான கோடு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. அட்டை நிற்கவேண்டிய மட்டம் பதிவுமுறையைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, சோனி கமராக்களின் S-Log3 பதிவுமுறையில் 18 சதவீதச் சாம்பல் 41ஐ ஒட்டி நிற்பதாக வகுக்கப்பட்டுள்ளது, பழைய S-Log2 முறையில் அது 32ஐ ஒட்டியது. லொக் என்பது பிரகாசமான பகுதிகளின் விபரத்தைக் காப்பதற்காக ஒளியை மடக்கை முறையில் சுருக்கிப் பதிவுசெய்வது. கமரா எந்த முறையில் இருக்கிறது என்பதை அறியாமல் அட்டையின் மட்டத்தைப் பேசுவதில் பயனில்லை.

ஒளியின் அளவு இரட்டிப்பதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டொப் என்பர். S-Log3 முறையில் நடுச்சாம்பலைச் சுற்றி ஒரு ஸ்டொப் மாற்றம் அலைவரைபில் ஏறத்தாழ எட்டரைப் புள்ளி நகர்வாகத் தெரியும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்திருக்கும் ஒளிப்பதிவாளர், அட்டை 41க்குப் பதிலாக 37இல் நிற்பதைக் கண்டதும் அரை ஸ்டொப் குறைந்திருப்பதை உடனே அறிந்துகொள்வார்.

மட்டத்தைச் சரிசெய்யும்போது எதைத் தொடுவது என்பதும் முக்கியம். ஷட்டரை மாற்றினால் வீசப்படும் வலையின் அசைவு ஒரு ஷொட்டில் மென்மையாகவும் மற்றொன்றில் வெட்டுவெட்டாகவும் தெரியும்; அப்பச்சரை மாற்றினால் பின்னணியின் தெளிவு மாறும். ஆகவே வினாடிக்கு 25 சட்டக வேகத்தில் ஷட்டரை 1/50இல் வைத்து, அப்பச்சரையும் பூட்டி, ஒளியைக் குறைக்கும் என்.டி. வடிகட்டியால் மட்டத்தைச் சரிசெய்வதே முறை. இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சுழற்றிச் சரிசெய்யும் மாறு என்.டி. வடிகட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட இரண்டு முனைவாக்கிகளால் ஆனது. அதைச் சுழற்றும்போது நீர்ப்பரப்பின் பளபளப்பும் கூடவே குறையவோ கூடவோ செய்யும். பளபளப்பற்ற அட்டை அந்த மாற்றத்தைக் காட்டாது. அட்டைகள் இம்மி பிசகாமல் ஒத்திருக்க, ஒரு ஷொட்டில் வாவி வெள்ளித் தகடாகவும் அடுத்ததில் அடிமணல் தெரியும் கருநீராகவும் இருக்கும் விந்தையான நிலை இப்படித்தான் ஏற்படுகிறது. நீர் சட்டகத்தில் இருக்கும் காட்சிகளுக்கு நிலையான அளவுகளைக் கொண்ட சாதாரண என்.டி. வடிகட்டிகளே பொருத்தமானவை.

அடுத்து வருவது, இந்த அத்தியாயத்தில் மிகவும் பிழையாக விளங்கிக்கொள்ளப்படும் இடம். ஷொட்டுகளை ஒத்திசைப்பது என்றால் எல்லா ஷொட்டுகளிலும் அட்டையை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது என்று பொருளல்ல. மேற்கு நோக்கிய ஷொட்டில் வெயில் முகத்தில் நேரே விழுகிறது. கிழக்கு நோக்கிய எதிர்ஷொட்டில் முகம் நிழலில் இருக்க, வெயில் தலைமயிரின் ஓரத்தையும் பின்னாலுள்ள நீரையும் தொடுகிறது. நிழலிலுள்ள அட்டையையும் 41க்கு உயர்த்தினால் முகம் வெயிலில் நின்ற முகத்துக்குச் சமமான பிரகாசத்தைப் பெறும், பின்னணி நீரோ விபரமற்ற வெண்பரப்பாகிவிடும். பார்வையாளரின் கண் அந்தப் பொய்யை உடனே உணரும். நிழல் முகம் வெயில் முகத்தைவிட இருண்டிருப்பதே இயல்பு. எனவே ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு மட்டங்களை முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டும்: வெயில்பக்க அட்டைக்கு 41 என்றால், நிழல்பக்க அட்டைக்கு ஒரு ஸ்டொப் குறைவாக 32 அல்லது 33. அந்த இடைவெளி எவ்வளவு என்பது கலைத்தீர்மானம். ஆனால் ஒருமுறை தீர்மானித்தபின் அக்காட்சியின் எல்லா நிழல்பக்க ஷொட்டுகளிலும் அதே இடைவெளி காக்கப்படவேண்டும். ஒத்திசைவு என்பது அட்டைகளின் சமத்துவத்தில் இல்லை, அவற்றுக்கிடையேயான உறவு மாறாதிருப்பதில் இருக்கிறது.

வைட் பேலன்ஸ்: நடுநிலைக்கன்று, ஆதார ஷொட்டுக்கு

இதே கருத்து நிறத்துக்கும் பொருந்தும். ஒளியின் நிறச்சாய்வு கெல்வின் அலகில் சொல்லப்படுகிறது: சூரியன் எழுந்த சிறிது நேரத்தில் 3,000ஐ ஒட்டிய செம்மஞ்சள், உச்சிவெயிலில் ஏறத்தாழ 5,600, மேகமூட்டத்தில் 6,500 அளவு, திறந்த வானத்தின் கீழான நிழலில் 7,000க்கும் மேலான நீலம். ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன்னால் அட்டையைக் காட்டிக் கமராவைப் புதிதாக நடுநிலைப்படுத்தும் ஒளிப்பதிவாளர், ஒழுங்காகத்தான் பணிபுரிவதாக எண்ணிக்கொண்டே காலைப்பொழுதின் நிறம் முழுவதையும் துடைத்தெறிந்துவிடுகிறார். அவரது படத்தில் ஏழு மணியும் பதினொரு மணியும் ஒரே வெளிறிய வெயிலாக இருக்கும். அட்டை எவ்வளவு மஞ்சளாகத் தெரிகிறது என்பதே காலையின் அளவு. அதை நீக்குவதற்கு முன் அதை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று முதலில் கேட்கவேண்டும்.

எனவே காலைக் காட்சிக்குக் கமராவை 5,600 கெல்வினில் பூட்டிவிட்டு, ஒவ்வொரு கமரா இடத்திலும் அட்டையைப் பதிவு மட்டும் செய்துகொண்டு, எண்ணை மாற்றாமல் தொடர்வதே சிறந்த வழி. காட்சியின் மனநிலையை எந்த ஷொட் மிகச் சரியாகத் தருகிறதோ அதை ஆதார ஷொட்டாகக் கொண்டு, மற்றவற்றின் அட்டைகளை அந்த அட்டைக்கு ஒத்ததாகத் தொகுப்பில் திருத்தவேண்டும். நிழல்பக்க ஷொட்டுகளில் நீலத்தைப் பாதியளவு விட்டுவைப்பது கண்ணுக்கு இயல்பாக இருக்கும். அப்பாதியைக் கெல்வின் எண்களின் சராசரியாகக் கணக்கிடக்கூடாது. பத்து இலட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்துப் பெறும் மைரட் என்ற அலகில் கணக்கிடவேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் நிற வித்தியாசத்தை அதுவே ஏறக்குறைய நேராகப் பின்பற்றுகிறது. 5,600 என்பது 179 மைரட், 7,000 என்பது 143. நடுவில் வரும் 161 மைரட் 6,200 கெல்வினுக்குச் சமம். பகல் ஒளியில் சராசரிக்கும் இதற்கும் வித்தியாசம் சிறிது. 3,200 கெல்வின் விளக்குகள் சேரும்போது அது சில நூறு கெல்வினாகப் பெருகிவிடும்.

கெல்வின் எண் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே மட்டுமே நகர்த்தும். கண்டல் மரங்களின் கீழே எடுக்கப்படும் ஷொட்டில் இலைகளினூடாக வடிந்தும் அவற்றில் பட்டுத் தெறித்தும் வரும் ஒளி பச்சை கலந்ததாக இருப்பதால், கெல்வினை எவ்வளவு திருப்பினாலும் முகம் தெளியாது. அட்டையின் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகளைத் தனித்தனியே காட்டும் பரேட் வரைபில் பச்சை மற்ற இரண்டின் நடுவைவிட உயர்ந்து நின்றால் குறை அங்கேதான் உள்ளது. அதற்கு டின்ட் எனப்படும் பச்சை–கருஞ்சிவப்புத் திருத்தம் தேவை.

ஒரு காட்சி: வீச்சுவலை

மார்ச் மாதக் காலை ஒன்றில், கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே வாவியில் ஒருவர் தோணியில் நின்று வீச்சுவலை எறிவதும், உடன் இருப்பவர் கோலூன்றித் தோணியை நிலைப்படுத்துவதும், இருவரும் சில சொற்கள் பேசிக்கொள்வதும் காட்சியாக இருக்கட்டும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. ஆயினும் இத்தகைய ஒளியில் எதிர்பார்க்கக்கூடியவை. கமரா S-Log3, 5,600 கெல்வின், 1/50, f/5.6 என்று பூட்டப்பட்டிருக்கிறது.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை எழுந்திருக்கையில், கல்லடிக் கரையிலிருந்து மேற்கு நோக்கி அகன்ற ஷொட் எடுக்கப்படுகிறது. வலைகாரர் பிடித்த அட்டையில் சிவப்பு 44, பச்சை 41, நீலம் 37. பச்சை 41இல் நிற்பதால் ஒளியளவு சரி. சிவப்பு உயர்ந்து நீலம் தாழ்ந்திருப்பது காலையின் வெம்மை. இதுவே ஆதார ஷொட். எட்டு நாற்பதுக்கு, சூரியன் 38 பாகை அளவுக்கு ஏறிவிட்ட பின், அதே திசையில் வலைகாரரின் முகம் நெருக்கமாக எடுக்கப்படுகிறது. இதற்கிடையே வெயில் வலுத்துவிட்டதால் என்.டி. வடிகட்டி ஒன்று கூட்டப்பட, அட்டை 41.5, 41, 40 என நிற்கிறது. ஒளியளவு பொருந்துகிறது, வெம்மை இல்லை. ஒன்பது மணிக்கு வலை இழுக்கும் கைகளை எடுக்கும்போது மேகம் மூடிவிடுகிறது. வடிகட்டியை நீக்க அவகாசமின்றி எடுத்த ஷொட்டில் அட்டை 31, 32.5, 34.

தொகுப்பில் லொக் நிலையிலேயே, அதாவது பார்வைக்கான வர்ண மாற்றத்தைப் பயன்படுத்துவதற்கு முன்பே, திருத்தவேண்டும். லொக் பதிவில் ஒளியின் பெருக்கம் கூட்டலாக மாறிவிடுவதால், டாவின்சி ரிசோல்வ் மென்பொருளின் `Offset` சக்கரத்தால் ஒவ்வொரு நிறத்தையும் வேண்டிய அளவு உயர்த்துவதோ தாழ்த்துவதோ, கமராவில் ஒளியையும் நிறத்தையும் மாற்றியதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். இரண்டாவது ஷொட்டுக்குச் சிவப்பில் இரண்டரைப் புள்ளி கூட்டலும் நீலத்தில் மூன்று புள்ளி குறைத்தலும் போதும். மூன்றாவதற்குச் சிவப்பில் 13, பச்சையில் எட்டரை, நீலத்தில் 3 கூட்டவேண்டும். பச்சையின் எட்டரை சரியாக ஒரு ஸ்டொப். சிவப்பின் 13 ஒன்றரை ஸ்டொப். சிவப்பு இவ்வளவு உயர்த்தப்படுவதால் கைகளின் நிழற்பகுதிகளில் புள்ளிமணல் போன்ற இரைச்சல் எழக்கூடும். படத்தைப் பெரிதாக்கி அதைப் பார்த்தபின்னரே ஷொட்டைப் பயன்படுத்துவதா என்று முடிவெடுக்கவேண்டும்.

இத்திருத்தங்களுக்குப் பிறகு மூன்று அட்டைகளும் ஒரே எண்களைக் காட்டும். அப்படியிருந்தும் மூன்றாவது ஷொட் முதலாவதோடு சேராது. மேகத்தின் கீழ் நிழல்கள் ஓரமற்றுக் கரைந்திருக்கின்றன. ஆதார ஷொட்டில் கைகளின் நிழல் தோணியின் பலகையில் கூர்மையாக விழுந்திருக்கிறது. அட்டை தட்டையான ஒரு பரப்பு. அது நடுப்பிரகாசத்தையும் நிறத்தையும் சொல்லுமே அன்றி, ஒளி கடினமானதா மென்மையானதா என்பதையும் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் சொல்லாது. இரண்டாவது ஷொட்டிலும் இதே குறை சிறிய அளவில் உண்டு: 15 பாகையில் முகத்தில் நேரே விழுந்த ஒளி, 38 பாகையில் மூக்கின் நிழலை மேலுதட்டை நோக்கி இறக்கிவிட்டது. ஆகவே படப்பிடிப்பு வரிசையைத் திட்டமிடும்போது, முகமும் நிழலும் தெளிவாகத் தெரியும் ஷொட்டுகளை அடுத்தடுத்து, அரைமணி நேரத்துக்குள் எடுத்துவிட்டு, நீரும் வலையும் கையும் மட்டும் தெரியும் ஷொட்டுகளைப் பிற்பாட்டுக்கு விடுவது நன்று. மேகம் நகரும்வரை காத்திருக்க முடியுமானால் காத்திருப்பதே எந்த மென்பொருளைவிடவும் நல்ல திருத்தம். வடகீழ்ப் பருவமழையின் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வெயிலுக்குக் காத்திருக்க இயலாது. அக்காலத்தில் முழுக் காட்சியையும் மேக ஒளியிலேயே எடுத்து, இடையில் வெயில் எட்டிப்பார்த்தால் நிறுத்திவைப்பது உகந்தது.

இக்காட்சியில் கோலூன்றுபவரின் முகம் கிழக்கு நோக்கி எடுக்கப்படும். அவரது அட்டை நிழலில் 28, 29.5, 32 என்று நின்றால், என்.டி.யை மூன்றிலொரு ஸ்டொப் அளவு குறைத்துப் பச்சையை 32.5க்குக் கொண்டுவருவது மேலே தீர்மானித்த நிழல்மட்டத்தைத் தரும். குறிப்பேட்டில் அந்த அட்டையின் பக்கத்தில் "நிழல்" என்று எழுதப்பட்டிருக்கவேண்டும். இல்லையேல் சில வாரம் கழித்துத் தொகுப்பவர் அதைக் குறையென்று கருதி 41க்கு உயர்த்திவிடுவார். நேரம், அப்பச்சர், வடிகட்டி, வெயிலா நிழலா என்ற நான்கையும் அட்டை பதிவாகும்போதே ஒலிவாங்கியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் குறிப்பேடு தொலைந்தாலும் கவலையில்லை.

விளக்கொளியில் அட்டையின் எல்லை

இரவுக் காட்சிகளில் நிலைமை வேறு. வட்டக்களரியில் ஆடப்படும் வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ பதிவுசெய்யப்படும்போது ஒளி மணிக்கணக்கில் மாறுவதில்லை. ஆனால் ஆடுபவர் களரியைச் சுற்றிவரும்போது ஒரு விளக்கின் ஆட்சியிலிருந்து மற்றொரு விளக்கின் ஆட்சிக்குப் போகிறார். ஆகவே அட்டையைக் களரியின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் ஒவ்வொரு முறை முன்கூட்டியே பதிவுசெய்துகொண்டால், எந்த ஷொட்டுக்கு எந்த அட்டை என்பது தெளிவாகும். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைக்காவிடின் சில விளக்குகளின் துடிப்பு அட்டையின் மட்டத்தையே சட்டகத்துக்குச் சட்டகம் ஆட்டிவிடும். மலிவான எல்.இ.டி. விளக்குகளின் ஒளியில் சில நிறக்கூறுகள், குறிப்பாக ஆழ்ந்த சிவப்பு, குறைவாக இருக்கும். அட்டை நடுநிலையாக நிற்கும். தோலின் சிவப்போ எழும்பாது, முகம் பச்சையோடிய சாம்பலாகத் தெரியும். விளக்கில் இல்லாத நிறத்தை அட்டையால் உண்டாக்க முடியாது; அந்த விளக்கை மாற்றுவது ஒன்றே வழி.

அட்டை எடுக்கத் தவறிய ஷொட்டுகளும் தொகுப்பு மேசைக்கு வரத்தான் செய்யும். அப்போது இரண்டு ஷொட்டுகளிலும் ஒரே ஒளியில் தெரியும் ஒரு பொருளைத் தேடி அதை அட்டையின் இடத்தில் வைக்கவேண்டும். அது சாம்பலாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை, ஏனெனில் தேவைப்படுவது நடுநிலையன்று, ஒப்பீடு. தோணியின் விளிம்புப் பலகை இதற்கு வசதியானது. ஆனால் நனைந்த மரம் உலர்ந்த மரத்தைவிட மிகவும் இருண்டும் பளபளத்தும் தெரியுமாதலால், வலை ஏறுவதற்கு முன்னுள்ள ஷொட்டின் உலர்ந்த பலகையை வலை ஏறிய பின்னுள்ள நனைந்த பலகையோடு ஒப்பிட்டு ஒளியைக் கூட்டிவிடக்கூடாது. நீர் படாத அணியத்தின் மேற்பகுதியைத் தெரிந்தெடுத்து, இரண்டு ஷொட்டுகளிலும் வெயில் அதன்மேல் ஒரே பக்கமாக விழுவதை உறுதிசெய்த பின்னரே அளக்கவேண்டும்.